ஆர்.டி. போட்டால் முடிவில் கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: வங்கியில் மாதம் 3,000 ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு ஆர்.டி. போடலாம் என்று இருக்கிறேன். வட்டி 7 சதவீதம். மொத்தம் 72,000 கட்டுகிறேன், இரண்டு வருடத்துக்கு வட்டி 10,080, ஆக 82,080 வர வேண்டும் என்பது என் கணக்கு. வங்கியில் 77,459 தான் வரும் என்கிறார்கள். கிட்டத்தட்ட பாதி வட்டியைக் காணோம். சொல்வது 7 சதவீதம், கொடுப்பது அதற்கும் கீழேயா? நானே சரிபார்க்க வழி இருக்கிறதா? போஸ்ட் ஆபீஸில் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா?
— வாசகி, தேனி

பதில்: வங்கி சொன்ன தொகை சரிதான். 7 சதவீதம் முழுசாகவே உங்களுக்குக் கிடைக்கிறது. 72,000 ரூபாயும் முதல் நாளிலேயே வங்கியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு நீங்கள் வட்டி போட்டிருக்கிறீர்கள். இடறியது அங்கேதான்.

முதல் மாதம் கட்டும் 3,000 மட்டும்தான் 24 மாதம் முழுக்க வங்கியில் இருக்கும். இரண்டாவது தவணை 23 மாதம், மூன்றாவது 22 மாதம் என்று குறைந்துகொண்டே போய், கடைசித் தவணைக்கு ஒரே ஒரு மாத வட்டிதான். ஜூன் 5-ஆம் தேதி கணக்கு தொடங்கினால் 24-வது தவணையை இரண்டு வருடம் கழித்து மே 5-இல் கட்டுவீர்கள், பணம் ஜூன் 5-இல் முதிரும். அந்தக் கடைசி 3,000-க்கு இரண்டு வருட வட்டி எப்படி வரும்?

எனவே ஒவ்வொரு தவணையும் எத்தனை மாதம் இருந்தது என்று கூட்ட வேண்டும். 24, 23, 22 என்று ஒன்று வரை கூட்டினால் 300. இதற்குக் குறுக்கு வழி, 24-ஐ 25-ஆல் பெருக்கிப் பாதியாக்குவது. அதாவது 3,000 ரூபாய் 300 மாதம் வங்கியில் இருந்ததற்குச் சமம். 3,000-க்கு 7 சதவீத வட்டி வருடத்துக்கு 210 ரூபாய், மாதத்துக்கு 17 ரூபாய் 50 காசு. அதை 300-ஆல் பெருக்கினால் 5,250. இது வெறும் தனிவட்டி. வங்கி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடுவதால் இன்னும் 209 ரூபாய் ஏறி 5,459 ஆகிறது. நீங்கள் கட்டிய 72,000-ஐச் சேர்த்தால் வங்கி சொன்ன 77,459 வந்துவிட்டது.

இதே 72,000 மொத்தமாகக் கையில் இருந்து, அதே 7 சதவீதத்தில் இரண்டு வருடம் எஃப்.டி. போட்டால் 82,719 கிடைக்கும். நீங்கள் எதிர்பார்த்தது ஏறக்குறைய இந்தத் தொகையைத்தான். ஆர்.டி.யும் எஃப்.டி.யும் ஒரே வட்டி என்று பலகையில் போட்டிருப்பதைப் பார்த்து நிறையப் பேர் இங்கேதான் ஏமாற்றமடைகிறார்கள். வட்டி விகிதம் ஒன்றுதான். பணம் வங்கியில் இருக்கும் காலம்தான் வேறு. உங்கள் ஆர்.டி.யில் ஒரு தவணை சராசரியாகப் பன்னிரண்டரை மாதம்தான் இருக்கிறது. பாதி வட்டியைக் காணோம் என்று உங்களுக்குத் தோன்றியதும் அதனால்தான்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்ட அதே கணக்கைக் கடன் கொடுப்பவர்கள் போடுவார்கள், அதற்கு 'ஃபிளாட் ரேட்' என்று பெயர். 72,000 கடனுக்கு ஃபிளாட் 7 சதவீதம் என்றால் இரண்டு வருடத்துக்கு 10,080 வட்டி. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு பணமும் உங்கள் கையில் இரண்டு வருடம் இருக்காது. அதனால் உண்மையான வட்டி சொன்னதைப் போல இரண்டு மடங்கை நெருங்கும். வண்டிக் கடனோ வீட்டு சாமான் கடனோ வாங்கும்போது ஃபிளாட் என்ற வார்த்தை காதில் விழுந்தால் நிதானமாகக் கணக்குப் போடுங்கள்.

சரி, நீங்களே சரிபார்க்கும் வழிக்கு வருவோம். சாதாரண கால்குலேட்டர் போதும். மூன்று மாதங்களை ஒரு கட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் காலாண்டில் முதல் தவணை மூன்று மாதம், அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது ஒரு மாதம் இருக்கும், ஆக ஆறு மாத வட்டி. மாத வட்டி 17.50 என்று பார்த்தோம், அதை ஆறால் பெருக்கினால் 105. கட்டிய 9,000-மும் இந்த 105-மும் சேர்ந்து 9,105. அடுத்த காலாண்டில் இந்தத் தொகைக்கு 7-இல் கால் பங்கு, அதாவது 1.75 சதவீதம் வட்டி ஏறும். கூடவே புதிதாகக் கட்டும் மூன்று தவணைகளும் அவற்றின் வட்டியுமாக இன்னொரு 9,105 வந்து சேரும். இப்படி எட்டுக் காலாண்டு ஓட்டினால் இரண்டு வருடம் முடிந்துவிடும். கால்குலேட்டரில் பைசாவை விடாமல் தொடருங்கள், இங்கே மட்டும் முழு ரூபாயாக எழுதியிருக்கிறேன்:

```
1:  9105
2:  9105  x 1.0175 + 9105 = 18369
3:  18369 x 1.0175 + 9105 = 27796
4:  27796 x 1.0175 + 9105 = 37387
5:  37387 x 1.0175 + 9105 = 47147
6:  47147 x 1.0175 + 9105 = 57077
7:  57077 x 1.0175 + 9105 = 67180
8:  67180 x 1.0175 + 9105 = 77461
```

வங்கி சொன்னது 77,459, நமக்கு வந்தது 77,461. இந்த இரண்டு ரூபாய் எங்கிருந்து வந்தது என்றால், காலாண்டுக்குள் வரும் மாதங்களுக்கு நாம் தனிவட்டி போட்டோம், வங்கியின் சூத்திரம் அங்கேயும் கூட்டு வட்டியைப் பகுத்துப் போடுகிறது. முதல் காலாண்டுக்கு நாம் 105 என்றால் சூத்திரத்தில் 104.80. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்காக மேனேஜரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நூற்றுக்கணக்கில் குறைந்தால்தான் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் ஒரே வரியில் வேலை முடியும்:

```
=FV((1+7%/4)^(1/3)-1, 24, -3000, 0, 1)
```

இதில் 7%, 24, 3000 மூன்றையும் உங்கள் கணக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் இருக்கும் 1-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். தவணையை மாதத் தொடக்கத்திலேயே கட்டுகிறோம் என்று அதற்கு அர்த்தம். அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மாத வட்டி விடுபட்டுத் தொகை 400 ரூபாய்க்கு மேல் குறைந்து காட்டும். இன்னொரு பக்கம், இணையத்தில் கிடைக்கும் சில கால்குலேட்டர்கள் மாதாமாதம் கூட்டு வட்டி போட்டு 77,493 என்று காட்டலாம். 34 ரூபாய் கூடுதலாகத் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம். நம் வங்கிகளில் ஆர்.டி.க்குக் காலாண்டுக் கூட்டு வட்டிதான் வழக்கம்.

அடுத்து போஸ்ட் ஆபீஸ். அங்கே ஆர்.டி. என்றால் ஐந்து வருடம், 60 தவணை. 24 மாதத்துக்குத் தனித் திட்டம் கிடையாது. 2023 அக்டோபரில் வட்டியை 6.7 சதவீதம் ஆக்கினார்கள். அரசு காலாண்டுக்கு ஒரு முறை வட்டியை அறிவித்தாலும், நீங்கள் கணக்கு தொடங்கும் அன்றைய வட்டி ஐந்து வருடமும் மாறாது. 6.7 சதவீதத்தில் மாதம் 3,000 கட்டினால் 1,80,000-க்கு 2,14,097 கிடைக்கும், அதாவது வட்டி மட்டும் 34,097. மேலே சொன்ன குறுக்கு வழியில் பார்த்தால் 60-ஐ 61-ஆல் பெருக்கிப் பாதியாக்க 1,830 மாதம், தனிவட்டி 30,652. மீதி மூவாயிரத்துச் சொச்சம் கூட்டு வட்டியால் வந்தது. இரண்டு வருடத்தில் 209 ரூபாயாக இருந்தது ஐந்து வருடத்தில் இவ்வளவு ஆகிறது. அதனால் நீண்ட கால ஆர்.டி.க்குக் குறுக்கு வழி கணக்கு போதாது, காலாண்டு வாரியாகவோ எக்செல்லிலோ போடுங்கள்.

ஆனால் இந்த 34,097-ஐயும் வங்கியின் 5,459-ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கக் கூடாது, காலம் வேறு. விகிதத்தைப் பார்த்தால் வங்கியின் 7 தான் மேல். இரண்டு வருடத்தில் பணம் தேவைப்படும் என்றால் வங்கிதான் உங்களுக்கு ஏற்றது என்பேன். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யை மூன்று வருடம் முடிந்த பிறகுதான் இடையில் முடிக்க முடியும், அப்படி முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். வங்கியிலும் பாதியில் முடித்தால் 7 சதவீதம் நிற்காது. பணம் எத்தனை மாதம் ஓடியதோ அந்தக் காலத்துக்கு உரிய வட்டியை எடுத்துக்கொண்டு, பல வங்கிகள் அதிலும் கொஞ்சம் கழித்துத்தான் தரும். எவ்வளவு கழிப்பார்கள் என்று கணக்கு தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதிர்வின்போது 77,459-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் தவணை தாமதம்தான் காரணமாக இருக்கும். ஒரு தவணை ஒரு மாதம் தள்ளிப்போனால் நீங்கள் இழக்கும் வட்டி 17.50 தான். அபராதம் அதைவிடப் பெரிது. போஸ்ட் ஆபீஸில் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய், அதாவது 3,000-க்கு 30. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வாங்கும் வங்கிகளும் உண்டு, அங்கே 45. நாலைந்து தடவை இப்படி ஆனாலே இரண்டு வருடத்தில் கூட்டு வட்டியால் கிடைத்த 209 ரூபாய் அபராதத்துக்கே போய்விடும். சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், பிடிக்கும் தேதியைச் சம்பளமோ வரவோ வந்த இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு வையுங்கள். கணக்கு தொடங்கிய அன்றைக்குத் தரும் ரசீதில் வட்டி விகிதம், முதிர்வுத் தேதி, முதிர்வுத் தொகை மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன்பே பார்த்துவிடுங்கள்.