2 விநாடி துல்லியம் என்ற கல் கடிகாரம் 40 நிமிடம் தவறுவது ஏன்?

கேள்வி: பிப்ரவரி 12 அன்று மாணவர்களுடன் ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர் சென்றிருந்தோம். பெரிய சூரியக் கடிகாரம் 2 விநாடி வரை துல்லியமானது என்றார் வழிகாட்டி. ஆனால் நிழல் முழுக்கக் கறுத்திருந்த இடத்தில் 10.31 என்று படித்துக் காட்டியபோது என் கைபேசியில் 11.10. மேலும் நிழலின் விளிம்பே மங்கலாக, ஒரு சாண் அகலத்துக்குப் பரவியிருந்தது. இதில் 2 விநாடியை எப்படிப் படிப்பது? திருச்சியில் எங்கள் பள்ளியில் ஒன்று கட்ட நினைக்கிறோம். பெரிதாகக் கட்டினால் துல்லியம் கூடுமா?

பதில்: நீங்கள் தந்திருக்கும் இரண்டு எண்களை வைத்தே கணக்கைப் போட்டுவிடலாம். நீங்கள் பார்த்தது சாம்ராட் யந்திரம். மன்னர் சவாய் ஜெய்சிங் ஜெய்ப்பூரில் கட்டிய வானாய்வுக் கூடத்தின் மிகப் பெரிய கருவி. 1730ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தது. உயரம் ஏறக்குறைய 27 மீட்டர்.

முதலில் அந்த 40 நிமிடம். இதில் பெரும்பகுதி கடிகாரத்தின் தவறே அல்ல. உங்கள் கைபேசி காட்டுவது இந்தியச் சீர்நேரம். 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் சூரியன் எங்கே இருக்கிறது என்பதை வைத்து நாடு முழுமைக்கும் வகுத்த நேரம் அது. ஜெய்ப்பூர் கருவியோ 75 பாகை 49½ கலையில் நிற்கிறது (ஒரு பாகைக்கு 60 கலை). பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் பிடிக்கும். ஆகவே ஜெய்ப்பூரின் உச்சிக்குச் சூரியன் 26 நிமிடம் 42 விநாடி தாமதமாகத்தான் வருகிறது. ஆண்டு முழுவதும் மாறாத எண் இது.

மாறுகிற எண் இன்னொன்று உண்டு. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சு சாய்வு. இந்த இரண்டு காரணங்களால் ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை எல்லா நாளும் சரியாக 24 மணி நேரம் ஆவதில்லை. சில விநாடிகள் கூடும், குறையும், வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இப்படிச் சேரும் வித்தியாசத்துக்கு நேரச் சமன்பாடு என்று பெயர். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் சூரியன் சராசரிக் கடிகாரத்துக்கு 14 நிமிடம் 14 விநாடி பின்தங்கியிருக்கும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்கும் மேல் முந்தியிருக்கும். நீங்கள் போனது, சூரியன் மிக அதிகமாகப் பின்தங்கியிருக்கும் வாரம்.

இரண்டையும் கூட்டினால் 40 நிமிடம் 56 விநாடி. நிழல் காட்டிய 10.31உடன் சேர்த்தால் 11 மணி 11 நிமிடம் 56 விநாடி வருகிறது. உங்கள் கைபேசி 11.10 காட்டியது. ஆக, உண்மையில் கேட்க வேண்டியது 40 நிமிடத்தைப் பற்றி அல்ல. மிஞ்சி நிற்கும் அந்த ஒரு நிமிடச் சொச்சத்தைப் பற்றி.

அது நீங்கள் பார்த்த மங்கலுக்குள்தான் இருக்கிறது. சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் ஏறக்குறைய அரைப் பாகை அகலமுள்ள வட்டு. கடிகாரத்தில் நிழலை வீழ்த்தும் சாய்சுவரின் விளிம்பு அந்த வட்டை ஒரேயடியாக மறைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக மறைக்கும். வட்டு முழுதும் தெரியும் இடம் வெளிச்சம், முழுதும் மறைந்த இடம் முழுநிழல், இடையில் கிடப்பது அரைநிழல். சாம்ராட் யந்திரத்தின் வளைந்த அளவுகோலுக்கு ஆரம் சுமார் 15 மீட்டர். அந்தத் தூரத்தில் அரைப் பாகை என்பது 14 சென்டிமீட்டர். சாண் கணக்கு சற்று அதிகம், ஆனால் உங்கள் கண் பெரிதாகத் தவறவில்லை.

அந்த அளவுகோலில் நிழல் விநாடிக்கு 1.1 மில்லிமீட்டர் நகர்கிறது. 2 விநாடி என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. 2 விநாடிக்கு 2.2 மில்லிமீட்டர், அந்த இடைவெளியில் கோடு கீறலாம், கீறியும் இருக்கிறார்கள். ஆனால் அது கோட்டின் நுணுக்கம். நிழலின் நுணுக்கம் அல்ல. அந்த 14 சென்டிமீட்டர் மங்கலுக்குள் அப்படிப்பட்ட கோடுகள் அறுபதுக்கும் மேல் அடங்கும். மங்கலின் அகலம் நேரக் கணக்கில் 2 நிமிடத்துக்குச் சற்று மேல்.

நீங்கள் கேட்ட ‘பெரிதாகக் கட்டினால்’ என்பதற்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. ஆரத்தை இருமடங்காக்கினால் நிழல் இருமடங்கு வேகத்தில் ஓடும். மங்கலும் இருமடங்கு அகலமாகும். நேரக் கணக்கில் மங்கல் அதே 2 நிமிடம்தான். அதே வளாகத்தில் சிறியதாக ஒரு லகு சாம்ராட் இருக்கிறதே, அதிலும் மங்கல் 2 நிமிடம்தான். மங்கல் குறுகலாக இருப்பதால் கண்ணுக்கு நிழல் கூர்மையாகத் தெரியும், அவ்வளவே. பெரிய கருவி தருவது கோடு கீற இடமும், கட்டுமானப் பிசகுகள் அதிகம் பாதிக்காத நிலையும். சாய்சுவரின் விளிம்பு ஓரிடத்தில் ஒரு சென்டிமீட்டர் வளைந்திருந்தால் 15 மீட்டர் ஆரத்தில் 9 விநாடிப் பிழை. அதே வளைவு ஒரு மீட்டர் ஆரத்தில் 2 நிமிடத்துக்கும் மேல் பிழை தரும். பித்தளைக் கருவிகளின் அச்சு தேய்ந்து மையம் நகர்ந்துவிடுகிறது என்று சலித்துத்தான் ஜெய்சிங் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போனார். அந்த அளவில் அவர் எடுத்த முடிவு சரியே.

இனி, மங்கலுக்குள் எங்கே படிப்பது? சூரிய வட்டின் நடுப்புள்ளிக்கு உரிய இடம் அரைநிழலின் நட்டநடுவே. ஆனால் நம் கண் அந்த நடுவைப் பிடிப்பதில்லை. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் பட்டையில், முழுக்க இருண்ட ஓரத்தைத்தான் பெரும்பாலோர் விளிம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வழிகாட்டி செய்ததும் அதுதான். காலையில் நிழல் மேற்குப் பக்க அளவுகோலில் விழும். சுவரை ஒட்டிய பக்கம் இருள், வெளிப்பக்கம் வெளிச்சம். சுவரை நெருங்க நெருங்க எண்கள் உச்சிப்பொழுதை நோக்கிப் போகும். ஆகவே இருண்ட ஓரத்தைப் படித்தால் நேரம் கூடுதலாக வரும். பிப்ரவரி 12 அன்று அந்தக் கூடுதல் சுமார் 1 நிமிடம் 7 விநாடி. அதைக் கழித்துவிடுங்கள். 11 மணி 10 நிமிடம் 49 விநாடி. உங்கள் கைபேசிக்கும் கல்லுக்கும் சண்டை தீர்ந்தது.

பிற்பகலில் இதே பழக்கம் எதிர்த்திசையில் பிழை தரும். கிழக்கு அளவுகோலிலும் சுவரை ஒட்டியதே இருண்ட பக்கம். ஆனால் அங்கே சுவரை நெருங்குவது என்றால் பின்னோக்கி உச்சிப்பொழுதுக்குத் திரும்புவது. எனவே நேரம் குறைவாக வரும். காலையில் ஒரு நிமிடம் கூட, மாலையில் ஒரு நிமிடம் குறைய என்று ஒரு நிழற்கடிகாரம் காட்டினால் கட்டுமானத்தைச் சந்தேகிக்காதீர்கள். படிப்பவர் இருண்ட ஓரத்தைப் படிக்கிறார் என்று பொருள். காலையும் மாலையும் ஒரே பக்கமாகத் தவறினால்தான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

இன்னும் கூர்மையாகப் படிக்க எளிய வழி இருக்கிறது. மெல்லிய நூலை இழுத்துப் பிடித்து, அளவுகோலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, நிழல் விளிம்புக்கு இணையாக வையுங்கள். நூல் கல்லுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் நிழல் தெளிவாக விழும். அரைநிழலுக்குள் இருண்ட பக்கமாக மெல்ல நகர்த்துங்கள். சூரியனின் கடைசிக் கீற்று மறையும் இடத்தில் நூலின் நிழலும் காணாமல் போகும். அந்தக் கணம் கண்ணுக்குத் தெளிவாகப் பிடிபடும். இருவர் தனித்தனியே செய்தாலும் ஏறக்குறைய ஒரே இடம் வரும். அந்த அளவைப் படித்து, சூரியனின் அரை அகலத்துக்கு உரிய ஒரு நிமிடச் சொச்சத்தைக் காலையில் கழியுங்கள், மாலையில் கூட்டுங்கள். வானம் தெளிவாக இருந்து கை பழகியிருந்தால் பெரிய சாம்ராட்டில் சில விநாடிகளுக்குள் வந்துவிடலாம். வெறுங்கண்ணால் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக எதையும் நம்பாதீர்கள். புழுதி மண்டிய கோடை வானத்தில் நூலும் கைகொடுக்காது.

அந்தச் சில விநாடிகளையும் இன்றைய கல்லை வைத்து ஜெய்சிங்கின் கணக்கில் எழுதிவிட முடியாது. 1901இல் லெப்டினன்ட் காரெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பொறுப்பில், பண்டிதர் சந்திரதர் சர்மா குலேரியின் துணையோடு, ஜெய்ப்பூர்க் கருவிகள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டன.

மங்கலை வெல்வதற்கு அந்தக் காலத்திலேயே இன்னொரு வழி தெரிந்திருந்தது. சாம்ராட்டின் அளவுகோல்களைத் தாங்கும் கட்டடங்களுக்குள் இருட்டறைகள் இருக்கின்றன. அவைதான் சஷ்டாம்ச யந்திரம். என்னைக் கேட்டால் அந்த வளாகத்தின் மிக நேர்த்தியான கருவி அதுதான். கூட்டம் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை. கூரையில் ஊசித்துளை. உச்சிப்பொழுதில் அதன் வழியாகச் சூரியனின் பிம்பம் 8.65 மீட்டர் ஆரமுள்ள வளைந்த அளவுகோலில் விழும். சுமார் 8 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டம். நிழலுக்கு ஒரே ஓரம், அதுவும் மங்கல். பிம்பத்துக்கோ மேல் ஓரம், கீழ் ஓரம் என்று இரண்டு. இரண்டையும் படித்துச் சராசரி எடுத்தால் நடுப்புள்ளி கிடைத்துவிடுகிறது. அங்கே ஒரு கலைக்கு இரண்டரை மில்லிமீட்டர் இடம் இருப்பதால், சூரியனின் உச்சி உயரத்தை ஒரு கலை அளவுக்குப் படிக்க முடியும். ஆனால் நாளுக்கு ஒருமுறை, உச்சிப்பொழுதில் மட்டும்.

ஆண்டின் உச்ச உயரத்துக்கும் தாழ்ந்த உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, பூமி அச்சின் சாய்வு. ஜெய்சிங்கின் வானியலர்கள் பெற்ற சாய்வு 23 பாகை 28 கலை. அந்த ஆண்டுகளுக்கு இன்றைய கணக்கு தரும் விடை அதிலிருந்து அரைக் கலைதான் விலகுகிறது. வெறுங்கண்ணுக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. அதே காலத்தில் ஐரோப்பியர் தொலைநோக்கி பொருத்திய கருவிகளால் இதைவிடப் பல மடங்கு நுணுக்கமாக அளந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம்.

உங்கள் பள்ளிக்கு ஒரு மீட்டர் ஆரம் போதும். நிழல் நிமிடத்துக்கு 4.4 மில்லிமீட்டர் நகரும். மங்கல் 9 மில்லிமீட்டர். நூல் வைத்தால் நிமிடத்தைப் பிடிக்கலாம். சாய்விளிம்பு கிடைமட்டத்திலிருந்து 10.8 பாகை வடக்கு நோக்கி உயர வேண்டும். திருச்சியின் அட்சரேகை அது. அளவுகோலின் மையத்திலிருந்து விளிம்பு இரு பக்கமும் குறைந்தது 45 சென்டிமீட்டர் நீள வேண்டும். இல்லாவிட்டால் ஜூனிலும் டிசம்பரிலும் விளிம்பின் நிழல் அளவுகோலைத் தாண்டிப் போய்விடும். விளிம்பைச் சிமெண்டில் பூசாமல் நேரான இரும்புப் பட்டையைப் பதியுங்கள். வடக்கைக் காந்த ஊசியால் குறிக்காதீர்கள். ஒரு பாகை தவறினாலே சில பருவங்களில் 2 நிமிடத்துக்கு மேல் பிழை வரும். தரையில் வட்டம் வரைந்து நடுவில் குச்சி நட்டு, குச்சி நுனியின் நிழல் முற்பகலிலும் பிற்பகலிலும் வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளைக் குறியுங்கள். அவற்றுக்கு நடுவே, குச்சியை நோக்கி இழுக்கும் கோடு வடக்கு தெற்கு.

திருச்சிக்கு நிலையான திருத்தம் 15 நிமிடம். பிப்ரவரியில் அது 29 நிமிடமாகப் பெருகும். நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு திருத்தங்களும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, நிழல் கைபேசியைவிட ஒரு நிமிடம் மட்டும் முந்தியிருக்கும். சிறப்பு விருந்தினரை அழைத்துத் திறப்பு விழா நடத்துவதென்றால் அந்த வாரத்தில் வையுங்கள். அட்டவணையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.