அல்லிவட்டமும் புல்லிவட்டமும் இடம் மாறிய குறுக்கெழுத்து

கேள்வி: மொரீஷியஸில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாவர பாகங்களின் தமிழ்ப் பெயர்களை மீள்பார்வை செய்யக் குறுக்கெழுத்தும் சொல் தேடலும் தயாரித்துக் கொடுக்கிறேன். கட்டங்களைச் சரியாக நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் பூவைக் கையில் கொடுத்துக் கேட்டால் விழிக்கிறார்கள். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

இதே நிலையில் நானும் இருந்திருக்கிறேன். ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். பூவின் பாகங்கள் அவர்களுக்குப் புதியவை அல்ல, தமிழ்ப் பெயர்கள்தான் புதியவை. அதற்காகச் செம்பருத்திப் பூவை வைத்து ஆறு சொற்களில் ஒரு குறுக்கெழுத்து போட்டேன்: மகரந்தம், சூலகம், சூல்முடி, அல்லிவட்டம், புல்லிவட்டம், காம்பு.

அன்று வந்திருந்த 11 பேரும் முழுக் கட்டத்தையும் நிரப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திருத்தும்போதுதான் பார்த்தேன், 4 பேர் அல்லிவட்டத்தையும் புல்லிவட்டத்தையும் இடம் மாற்றி எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் கேட்டபோது ஒரு பெண், "எல்லாக் கட்டமும் பொருந்தியதே, மிஸ்" என்றாள். அவள் சொன்னது உண்மை. பிழை நான் வரைந்த கட்டத்தில் இருந்தது.

இரண்டு சொற்களையும் எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பாருங்கள். அ, ல், லி, வ, ட், ட, ம். பு, ல், லி, வ, ட், ட, ம். இரண்டுக்கும் ஏழு கட்டம், முதல் எழுத்து மட்டும் வேறு. நான் இரண்டையும் நடுவிலிருக்கும் 'வ'வில் வெட்டவிட்டிருந்தேன். அல்லிவட்டத்தின் 'ல்' சூல்முடியோடும், கடைசி 'ம்' மகரந்தத்தோடும் சேர்ந்தன. புல்லிவட்டத்தின் கடைசி 'ம்' காம்போடு சேர்ந்தது. ஆக, எந்தச் சந்திப்பும் 'அ'வையோ 'பு'வையோ தொடவே இல்லை. மாற்றி எழுதினாலும் எல்லாம் பொருந்தும்.

தமிழில் இந்தப் பொறியில் விழுவது எளிது. நம் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து. க, கா, கு மூன்றும் வேறு வேறு என்பதால் இரண்டு சொற்கள் சந்திக்கும் இடம் கிடைப்பதே அரிது. கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் புள்ளி எழுத்துகளாக, அதிலும் 'ம்' ஆக இருக்கும். சூலகம், மகரந்தம், பச்சையம், வட்டம் என்று கலைச்சொற்களில் பாதி 'ம்'மில்தான் முடிகின்றன. சந்திப்பு கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் அங்கேயே வெட்டிவிடுகிறோம். ஆனால் 'ம்' பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. எந்த எழுத்து ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறதோ, அந்த எழுத்தில்தான் சந்திப்பு விழ வேண்டும்.

எனக்குத் தேவைப்பட்ட திருத்தம் சிறியது. காம்பு 'பு'வில் முடிகிறது, புல்லிவட்டம் 'பு'வில் தொடங்குகிறது. காம்பைக் கீழ் வரிசையிலிருந்து எடுத்து மேலே வைத்தேன், அவ்வளவுதான். இப்போது கீழே போகும் சொல்லில் 'அல்லி' என்று எழுதப் போகிற பிள்ளை, தலையில் 'பு' நிற்பதைப் பார்த்துத் தானே நின்றுவிடுகிறது.

நீங்களும் போட்டுப் பார்க்க அந்தக் கட்டத்தைச் சொல்கிறேன். குறுக்கே 8, நெடுக்கே 9 கட்டங்கள். ஆறாவது வரிசையில் முதல் கட்டத்திலிருந்து அல்லிவட்டம். ஏழாவது பத்தியில் உச்சியிலிருந்து கீழாக மகரந்தம். அதன் கடைசி 'ம்'மும் அல்லிவட்டத்தின் 'ம்'மும் ஒரே கட்டம். இரண்டாவது வரிசையில் ஐந்தாம் கட்டத்திலிருந்து சூலகம், மகரந்தத்தின் 'க'வில் சேரும். இரண்டாவது பத்தியில் ஐந்தாம் வரிசையிலிருந்து கீழாகச் சூல்முடி. நான்காவது பத்தியில் மூன்றாம் வரிசையிலிருந்து அடிவரை புல்லிவட்டம். மூன்றாவது வரிசையில் இரண்டாம் கட்டத்திலிருந்து காம்பு, அதன் 'பு' புல்லிவட்டத்தின் தலையில் உட்காரும்.

விதைப் பாடத்திலும் இதே சிக்கல் வரும். ஒருவித்திலை, இருவித்திலை இரண்டுக்கும் ஆறு கட்டம், முதல் எழுத்து மட்டும் வேறு. இருவித்திலையைக் கீழ்நோக்கி எழுதி, அதே முதல் கட்டத்திலிருந்து குறுக்கே 'இலை' என்று வைத்தால் போதும். ஆணிவேருக்கும் சல்லிவேருக்கும் இந்தக் கவலை இல்லை. ஒன்றுக்கு நான்கு கட்டம், மற்றதற்கு ஐந்து, எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது குறிப்புகள். இங்கேதான் உங்கள் கேள்வியின் மற்றப் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் நான் பாடநூல் வரையறையை அப்படியே குறிப்பாகப் போட்டேன். பிள்ளைகள் வரையறையின் முதல் மூன்று சொற்களைப் பார்த்தே விடையை எழுதினார்கள். பிறகு, பள்ளியில் தெரிந்த ஆங்கிலப் பெயரைக் குறிப்பாகக் கொடுத்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம். ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குத் தாவினார்களே தவிர, இடையில் பூ இல்லை. இப்போது எல்லாக் குறிப்பும், கையில் பூ இருந்தால் மட்டுமே விடை சொல்லக்கூடியதாக எழுதுகிறேன். அல்லிவட்டத்துக்கு: "ஐந்து சிவப்பு இதழ்களையும் சேர்த்து இப்படிச் சொல்வோம்." புல்லிவட்டத்துக்கு: "மொட்டாக இருந்தபோது வெளியே மூடியிருந்தது, பூ விரிந்த பிறகும் அடியில் பச்சைக் கிண்ணம்போல் நிற்கிறது." மகரந்தத்துக்கு: "நடுக்குழாயைத் தொட்டால் விரலில் ஒட்டும் மஞ்சள் பொடி." சூல்முடிக்கு: "அந்தக் குழாயையும் தாண்டி உச்சியில் ஐந்தாகப் பிரிந்து நிற்கும் நுனி, பொடி வந்து ஒட்ட வேண்டிய இடம்." சூலகத்துக்கு: "நுனி, தண்டு, அடியில் விதைகள் உருவாகும் பகுதி மூன்றும் சேர்ந்த பெண் பாகம்." காம்புக்கு மட்டும் எளிய குறிப்பு, பூசைக்கு வெற்றிலை அடுக்கும்போது பார்ப்பது என்று. மற்றச் சொல்லைச் சரிபார்க்கும் சொல் எளிதாக இருந்தால்தான் அது காவல் காக்கும்.

பூவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். வேலியில் பறித்ததில் ஒருமுறை அடுக்குச் செம்பருத்தி வந்துவிட்டது. அதில் மகரந்தத்தாள்களே இதழ்போல் மாறியிருக்கும், ஐந்து என்று எண்ணவும் முடியாது, நடுக்குழாயும் தெளிவாகத் தெரியாது. ஒற்றை அடுக்குப் பூவையே எடுங்கள். அதிலும் கூர்ந்து பார்க்கிற பிள்ளை, பச்சைக் கிண்ணத்துக்கும் கீழே மெல்லிய பச்சைக் கீற்றுகள் இன்னொரு வளையமாக இருப்பதைக் காட்டும். அது புறப்புல்லிவட்டம். செம்பருத்திக் குடும்பத்தில் பல செடிகளில் உண்டு. "புல்லிவட்டம் எது, மேலா கீழா" என்ற குழப்பத்துக்கு இடம் கொடுக்காமல், குறிப்பில் "கிண்ணம்" என்ற சொல்லைச் சேர்த்தது இதனால்தான். கீற்றுகள் தனித்தனியாக இருக்கும், கிண்ணம் அடியில் ஒட்டியிருக்கும்.

ஒரு வகுப்புக்கு ஒரே சொல்வரிசை. தமிழ்நாட்டு நூல்களில் மகரந்தத்தாள் என்பது இலங்கை நூல்களில் கேசரம். இரண்டும் சரிதான், ஆனால் முன்னதற்கு எட்டுக் கட்டம், பின்னதற்கு நான்கு. சரியாகத் தெரிந்த பிள்ளைக்குக் கட்டம் 'தவறு' என்று சொல்லிவிடும்.

சொல் தேடலை நான் எழுத்துக்காக மட்டும் பயன்படுத்துகிறேன். அதில் பிள்ளை தேடுவது எழுத்துகளின் வடிவத்தை, பொருள் தெரியாமலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ல, ள, ழ வேறுபாட்டைக் காதால் பிரித்தறியாத எங்கள் பிள்ளைகளுக்கு இதழ், சூல், தாள் ஆகியவற்றைக் கண்ணால் பழக்க அது உதவுகிறது. ஒருமுறை சோதனைக்காக 'இதள்' என்றொரு பொய்ச்சொல்லையும் உள்ளே வைத்தேன். அதை ஒரு பையன் அப்படியே நோட்டில் எழுதிவைத்துக்கொண்டான். அதோடு விட்டுவிட்டேன். எழுத்து இன்னும் பழகாத வயதில் பிழையை அச்சில் காட்டக் கூடாது. வலமிருந்து இடமாகச் சொற்களைப் புதைப்பதையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கிறேன்.

நிரப்பு எழுத்துகளை 247இலிருந்து கண்டபடி எடுக்காதீர்கள். 'ஞௌ', 'ஙீ' நடுவில் 'சூலகம்' தானாகவே பளிச்சென்று தெரியும். தேடும் சொற்களில் உள்ள எழுத்துகளையே கலைத்து நிரப்பினால் பிள்ளை ஒவ்வொன்றையும் படித்தாக வேண்டும். கணினியில் தானாகக் கட்டம் போடும் நிரல்கள் சில, எழுத்தை உடைத்துவிடும். சூல்முடி நமக்கு நான்கு எழுத்து, கணினிக்குள் அது எட்டுத் துண்டு. ஒரு கட்டத்தில் 'ச', அடுத்ததில் துணைக்குறி மட்டும் புள்ளி வட்டத்தோடு தொங்கினால் அந்த நிரலை மூடிவிட்டு, எக்செல்லில் கட்டத்துக்கு ஒரு முழு எழுத்தாக நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள். ஆறு சொல்லுக்கு அரை மணி நேரம் ஆகும்.

புணர்ச்சியையும் பாருங்கள். இங்கே கறிவேப்பிலையைக் கிரியோலில் 'கரிபுலே' என்பார்கள். அது நம் சொல்தான் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே ஆனந்தம். அந்த உற்சாகத்தில் கறிவேப்பிலையைப் புதைத்து, "இதற்குள் இலையைக் கண்டுபிடி" என்றேன். கட்டத்தில் இருப்பது 'பி', 'லை'. 'இ' எங்கே என்று அவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

நான் பின்பற்றும் வரிசை இது: முதல் சனிக்கிழமை சொல் தேடல், ஆனால் சொற்பட்டியல் இல்லாமல். பூவின் கோட்டுப்படத்தில் அம்புக்குறிகள் மட்டும் இருக்கும், கண்டெடுத்த சொல்லை உரிய அம்புக்குறியில் எழுதினால்தான் கணக்கு. அன்றே பூவைப் பிளேடால் நான் நெடுக்காக வெட்டிக் காட்டுகிறேன். குறுக்கெழுத்து அடுத்த சனிக்கிழமை, நோட்டை மூடிவைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு புதுப் பூவோடு. நிரப்பி முடித்த பிள்ளை தாளை என்னிடம் கொடுப்பதற்கு முன் பூவைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அதன் சொல்லின் முதல் கட்டத்தின் மேல் வைக்க வேண்டும். பச்சைக் கிண்ணம் 'அ'வின் மேல் உட்கார்ந்திருந்தால் பேனாவைத் தொடாமலேயே எனக்குத் தெரிந்துவிடும்.