பில் கையில் இருக்கிறது, வரவு எங்கே? நீலகிரி வியாபாரிகளின் ஜி.எஸ்.டி. கேள்விகள்

கோத்தகிரி, தேயிலைத் தூள் பொட்டலம் போட்டு விற்பவர்: "ஐயா, சென்ற மாதம் கோயம்புத்தூரில் சீல் போடும் இயந்திரம் வாங்கினேன். விலை 60,000, வரி 10,800. பணம் முழுவதும் கொடுத்துவிட்டேன், பில்லும் இருக்கிறது. ஆனால் 2B-யில் அது வரவில்லை. பில்லை வைத்தே இன்புட் எடுத்துக்கொள்ளலாமா?"

எடுக்க முடியாது. வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் இன்புட், அதாவது வரவு. ஒரு காலத்தில் பில்லை நம்பி ஓரளவு எடுக்க இடம் இருந்தது. 2022 ஜனவரியோடு அது முடிந்துவிட்டது. விற்றவர் தன் விற்பனைக் கணக்கான GSTR-1-இல் அந்தப் பில்லை உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணுக்கு ஏற்றியிருக்க வேண்டும், அது நீங்கள் வாங்கியவற்றைக் காட்டும் GSTR-2B பட்டியலில் தெரிய வேண்டும். அதன் பிறகுதான் அது உங்களுக்கு வரவு.

நீங்கள் அனுப்பிய பில்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கடைப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்கள். அங்கேதான் கோளாறு. அந்தக் கடைக்கு நீங்கள் வீட்டுக்குப் பொருள் வாங்கிய வாடிக்கையாளர். உங்கள் 10,800 ரூபாயை அவர்கள் சில்லறை விற்பனைக் கணக்கில் சேர்த்து அரசுக்குக் கட்டியிருப்பார்கள். வரி போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் உங்கள் பெயர் சொல்லிப் போகவில்லை.

இந்த மாதக் கணக்கு இப்படித்தான் நிற்கும். குன்னூர்த் தொழிற்சாலையில் 2,00,000 ரூபாய்க்குத் தூள் வாங்கினீர்கள், 5 சதவீத வரி 10,000. அது 2B-யில் இருக்கிறது. 3,00,000 ரூபாய்க்கு விற்றீர்கள், வரி 15,000. இயந்திரத்தின் பில்லும் வந்திருந்தால் வரவு 20,800 ஆகியிருக்கும். கையிலிருந்து ஒன்றும் கட்டாமல், 5,800 ரூபாய் அடுத்த மாதத்துக்குப் போயிருக்கும். இப்போது 10,000 மட்டுமே கழியும். மத்திய வரியில் 2,500, மாநில வரியில் 2,500 என்று 5,000 ரூபாயைப் பணமாகக் கட்டுங்கள். தாமதிக்க வேண்டாம், வட்டி ஏறும்.

கடைக்காரரிடம் உங்கள் எண்ணோடு பில்லைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அவர் அடுத்த GSTR-1-இல் திருத்தம் போட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் 11-ஆம் தேதிக்குள் ஏற்றுவார். உங்களுக்கு 14-ஆம் தேதி 2B-யில் தெரியும். அந்த மாதமே எடுத்துக்கொள்ளலாம். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் கெடு. அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் கெடுவும் அன்றே முடிந்துவிடும்.

இன்னொன்று. இயந்திரத்தை 70,800 என்று சொத்தில் எழுதித் தேய்மானம் போட்டுவிடாதீர்கள். வரிக்கும் சேர்த்துத் தேய்மானம் எழுதினால் அந்த இன்புட் போய்விடும். 60,000 என்றே எழுதுங்கள்.

ஊட்டி, சாக்லேட் கடை வைத்திருப்பவர்: "இதற்கு ஏன் இவ்வளவு விளக்கம்? 2B-யில் வந்தால் எடுக்கலாம், வராவிட்டால் எடுக்கக் கூடாது. எங்கள் கணக்கர் மாதாமாதம் அந்தத் தொகையை அப்படியே போட்டுவிடுகிறார். ஒரு நோட்டீஸ்கூட வந்ததில்லை."

பாதி சரி. 2B-யில் வராததை எடுக்கக் கூடாது. ஆனால் வந்ததை எல்லாம் எடுக்கலாம் என்பது வேறு பேச்சு. வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது கடையின் எண்ணைக் கொடுத்தால் அதுவும் 2B-யில் வந்து உட்காரும். அது வியாபாரச் செலவா என்று அந்தத் திரைக்குத் தெரியாது. குடும்பத்தோடு போக வாங்கிய காரும் அப்படித்தான். சரக்கு ஏற்றும் வண்டிக்கு வரவு உண்டு, காருக்கு இல்லை.

மழைக்காலத்தில் ஈரம் பிடித்து வெளியே கொட்டிய சரக்கையும் மறக்க வேண்டாம். வாங்கும்போது எடுத்த வரவை, சரக்கு அழிந்ததாகக் கணக்கில் எழுதும்போது திருப்பிக் கட்ட வேண்டும். கடனுக்கு வாங்கிப் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் தராவிட்டாலும் வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுக்கலாம். உங்கள் கணக்கர் இவற்றையெல்லாம் கேட்டிருக்கிறாரா? நோட்டீஸ் வராததற்கு, யாரும் இன்னும் பார்க்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

கூடலூர், மளிகை மொத்த வியாபாரி: "மைசூருக்குச் சரக்கு எடுக்கப் போனேன். லாட்ஜ் பில், சரக்குப் பில் இரண்டிலும் என் எண் சரியாக இருக்கிறது. இரண்டும் 2B-யில் வந்தும், கிடைக்காது என்ற பக்கத்தில் கிடக்கின்றன. என் தவறு என்ன?"

பில்லில் எண்களின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். உங்களுடையது 33, தமிழ்நாடு. அவர்களுடையது 29, கர்நாடகம். லாட்ஜ் இருக்கும் ஊரே அந்தச் சேவையின் ஊர் என்பதால் அவர்கள் கர்நாடக வரிதான் போட முடியும். அந்த வரவு தமிழ்நாட்டுப் பதிவுக்கு வராது. செலவில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள்.

சரக்குப் பில் அப்படி இல்லை. சரக்கு கூடலூரில் வந்து இறங்குகிறது என்றால் அவர்கள் மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. போட்டிருக்க வேண்டும், அதை நீங்கள் முழுதாக எடுத்திருக்கலாம். எங்கள் கல்லாவிலேயே சரக்கைக் கொடுத்துவிட்டோம், அதனால் உள்ளூர் வரி என்று மைசூர்க் கடைக்காரர்கள் சொல்வார்கள். பயணம் எங்கே முடிகிறது என்றுதான் சட்டம் கேட்கிறது என்பது என் வாதம். ஆனால் இதில் என்னோடு உடன்படாத கணக்கர்களும் உண்டு. சண்டை போடுவதைவிட, சரக்கு கூடலூருக்குப் போகிறது என்று அடுத்த முறை பில் அடிக்கும் முன்பே சொல்லிவிடுவது எளிது.

குந்தா, சிறு தேயிலை விவசாயி: "எனக்கு ஒரு ஏக்கர் தோட்டம். உரத்துக்கு வரி கட்டுகிறேன். அதையும் இப்படித் திரும்ப வாங்கலாமா அண்ணா?"

முடியாது அண்ணா. தொழிற்சாலைக்கு நீங்கள் போடும் பச்சை இலைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. விற்பதில் வரி இல்லாதபோது வாங்கியதன் வரியைக் கழிக்க இடமே இல்லை. இதற்காக யாராவது பதிவு எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள்.

மறுபடியும் கோத்தகிரி: "கடைக்காரர் திருத்திவிடுகிறேன் என்றார். ஆனால் அவர் பில்லை ஏற்றிவிட்டு வரியைக் கட்டாமல் விட்டால் நான் என்ன செய்வது?"

அப்போது பில் 2B-யில் தெரியும், நீங்களும் எடுத்துவிடுவீர்கள். நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30-க்குள்ளும் அவர் வரி கட்டும் படிவமான GSTR-3B தாக்கல் செய்யவில்லை என்றால், நவம்பர் 30-க்குள் நீங்கள் அந்த வரவைத் திருப்ப வேண்டும். பிறகு அவர் தாக்கல் செய்தால் மீண்டும் எடுக்கலாம். முழுப் பணமும் கொடுத்தவன்மீது இந்தச் சுமை நியாயமா என்று பல உயர் நீதிமன்றங்களில் வழக்கு நடந்தது; தீர்ப்புகள் ஒரே திசையில் போகவில்லை. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவரை மட்டும் பிடித்ததை ஏற்கவில்லை. அதை நம்பி நோட்டீசுக்குப் பதில் எழுதலாம், ஆனால் அதை நம்பிச் சரக்கு வாங்கக் கூடாது.

பெரிய தொகைக்கு வாங்கும் முன்பு gst.gov.in-இல் `Search Taxpayer` போய் அவருடைய எண்ணைத் தட்டுங்கள், `Show Filing Table` அழுத்துங்கள். அவர் எந்த மாதம் தாக்கல் செய்தார், எந்த மாதம் விட்டார் என்று தெரியும். இரண்டு மூன்று மாதம் GSTR-3B காணவில்லை என்றால், விலைப்பணத்தை மட்டும் கொடுங்கள்; வரித் தொகையை, பில்லை 2B-யில் பார்த்த பிறகு தருகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் சரக்கே தரமாட்டார்கள்.