மீட்டிங்கில் வாயடைப்பு, யார்டில் வெடிப்பு

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்டேஷன் சூப்பர்வைசர். காலை 9.30 மீட்டிங்கில் மேனேஜர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டால் எனக்குத் தெரிந்த பதில்கூட வாயில் வராது, அப்படியே நிற்பேன். அரை மணி நேரம் கழித்து சம்பந்தமே இல்லாத டிரெய்லர் டிரைவரிடம் கத்திவிடுகிறேன். நான் கோழையா, கோபக்காரனா? கார்டிசால் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் படபடப்புக்கு ஒரு மாத்திரையும் சொன்னார்கள். வாங்கலாமா? (வயது 44, சுகருக்கு மாத்திரை எடுக்கிறேன். காலையில் பல நாள் சாப்பிட நேரமிருக்காது.)

பதில்: டெஸ்ட் வேண்டாம். மாத்திரையைக் கண்டிப்பாக வாங்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. அதற்கு முன் உங்கள் உடம்பில் நடப்பதை நேர வரிசையில் பார்ப்போம். மீட்டிங்கில் வரும் வாயடைப்பும் யார்டில் வரும் கத்தலும் ஒரே சம்பவத்தின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும்தான்.

மேனேஜரின் குரல் உயர்ந்த கணத்திலேயே, அவர் என்ன சொல்கிறார் என்று நீங்கள் புரிந்துகொள்வதற்கு முன்பே, மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி 'ஆபத்து' என்று முடிவுகட்டிவிடுகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு நரம்பு வழியாகத் தகவல் போகிறது. சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும், தசைகள் இறுகும்.

அதே நேரம் இன்னொன்றும் நடக்கிறது. ஆபத்தைப் பார்த்ததும் பல உயிர்கள் முதலில் செய்வது அசையாமல் நிற்பதுதான். எதிர்க்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது என்னும்போது அந்த நிலை நீளும். அப்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தை இழுத்துப் பிடிக்கிறது, தசையோ தயார் நிலையிலேயே இறுகி நிற்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக் பிடித்த டிரெய்லர் மாதிரி. இதற்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் யோசித்து எடுத்த முடிவே அல்ல இது.

தெரிந்த பதில் ஏன் வரவில்லை? ஒரு தகவலைத் தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, வாக்கியமாக்கும் வேலை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியுடையது. பதற்றத்தில் வெளிப்படும் ரசாயனங்கள் அளவு மீறும்போது முதலில் தளர்வது அந்தப் பகுதிதான். கன்டெய்னர் நம்பர் என்றால் 4 எழுத்து, 7 இலக்கம். சாதாரண நேரத்தில் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த நிமிடத்தில் ஐந்தாவது இலக்கத்தைத் தாண்டாது. ஆனால் எழுதி வைத்ததைப் படிப்பது பழகிப்போன வேலை, பதற்றத்திலும் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

அதனால் மீட்டிங்குக்கு ஒரு துண்டுத் தாளோடு போங்கள். தகராறு வரக்கூடிய பெட்டிக்கு மூன்றே வரி: நம்பர், கேட்-இன் தேதி, எது நிலுவையில் இருக்கிறது (சீல் நம்பர் பொருந்தவில்லை, லைனுக்கு மெயில் போயிருக்கிறது என்பது போல). நான்காவதாக ஒரு தயார் வாக்கியம்: "சார், பேப்பரைப் பார்த்துச் சொல்றேன்." இதை வீட்டில் பத்து இருபது தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொன்னால் போதாது, நாக்குக்குப் பழக வேண்டும். உறைந்த நிலையைக் கலைக்க முதலில் ஒரு சிறு அசைவு தேவை. காலை தரையில் அழுத்துங்கள், தாளைத் திருப்புங்கள். பிறகு அந்த வாக்கியம்.

'ஆழமா மூச்சை இழு' என்று எல்லாரும் சொல்வார்கள். பெரிதுபெரிதாக வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதடும் விரல்நுனியும் மரத்து, தலை சுற்றும். 'நெஞ்சு வலியோ' என்ற பயம் அதோடு சேரும். வேண்டியது நீண்ட வெளிமூச்சு. மூக்கால் 4 நொடி சாதாரணமாக உள்ளே, 6 நொடி மெதுவாக வெளியே. மூச்சு வெளியே போகும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது. ஆறு மூச்சு, ஒரு நிமிடம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

இப்போது இரண்டாம் பாதி. அட்ரினலின் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். பதற்றத்தில் அதே சுரப்பி விடும் இன்னொரு ஹார்மோனான கார்டிசால் அப்படி அல்ல. அது மெதுவாக ஏறி, சம்பவம் தொடங்கி 20 முதல் 30 நிமிடத்தில்தான் உச்சத்துக்கு வரும், தணிய ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 9.30-க்கு வாங்கிய திட்டை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டினால் உடம்பு ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திட்டு வாங்குகிறது. 10 மணிக்கு டிரைவர் கேட்-பாஸ் கேட்கும்போது பிரேக் விட்டுப்போயிருக்கிறது, இன்ஜின் இன்னும் சூடு. மீட்டிங் முடிந்ததும் ஆட்களிடம் போகாமல் யார்டில் ஒரு சுற்று, பத்து நிமிடம் வேகமாக நடங்கள். வாக்குவாதம் வரக்கூடிய எதையும், பதில் மெயில் உட்பட, 11 மணிக்குத் தள்ளுங்கள்.

கார்டிசால் டெஸ்ட் பற்றி. கார்டிசால் காலையில் ஏறி இரவில் இறங்குவது, ஒரே நாளில் பல மடங்கு மாறும். ஒரு தடவை ரத்தம் எடுத்து 'உங்களுக்கு ஸ்ட்ரெஸ் இவ்வளவு' என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பரிசோதனை அட்ரினல் சுரப்பி, பிட்யூட்டரி சுரப்பி நோய்களைக் கண்டுபிடிக்க டாக்டர் கேட்பது. அதை 'ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' என்று வீடு தேடி வந்து விற்கும் ஏஜென்டுகள் பெருகிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ஒரு எண் சிவப்பாக வந்தால் அடுத்து ஒரு டானிக்கும் விற்பார்கள். கம்பெனிகள் நடத்தும் அரைநாள் 'கோப மேலாண்மை' வகுப்பும் எனக்கு உடன்பாடில்லை. 12 மணி நேர ஷிப்ட் அப்படியே இருக்கும், எல்லார் முன்னாலும் திட்டும் வழக்கம் அப்படியே இருக்கும், திட்டு வாங்குகிறவருக்கு மட்டும் ஒரு சர்டிபிகேட்.

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஓடினால் ரத்தச் சர்க்கரை சரியும். அப்போது உடம்பு அதே அட்ரினலினைத்தான் விடுகிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், வார்த்தை தடுமாற்றம். வெளியிலிருந்து பார்த்தால் கோபம்போலவே இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க வழி ஒன்றே: அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு துளி ரத்தம். 70-க்குக் கீழே என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும். மயக்கமாகி விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

கடையில் சொன்ன மாத்திரை பெரும்பாலும் புரோப்ரனலாலாக இருக்கும். அது நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கிவிடும், அதாவது சர்க்கரை சரிகிறது என்று உங்களுக்குச் சொல்லும் மணியின் நாக்கையே பிடுங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. ஆனாலும் கவுண்டரில் ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், தடுப்பார் இல்லை. சர்க்கரை மருத்துவரும் பல இடங்களில் மூன்று நிமிடத்தில் சீட்டை எழுதி அனுப்புகிறார். 'காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்' என்ற ஒரு கேள்விக்கு அந்த மூன்று நிமிடத்தில் இடமில்லை.

ஆகவே நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு வாரம், ஒரு தாளில் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், 9.30-க்கு முன் எடுத்த சர்க்கரை அளவு, அன்று வாயடைத்ததா, கத்தினீர்களா. அதுவரை டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், சாப்பிடாமல் போடவும் வேண்டாம். நேரமில்லாத நாளில் வீட்டில் போடாமல் பையில் எடுத்துச் செல்லுங்கள். யார்டு வாசலில் இரண்டு இட்லி கைக்கு வந்த பிறகு போடுங்கள். சர்க்கரை சரியாக இருக்கும் நாட்களிலும் இது தொடர்ந்தால், தூக்கம் கெட்டால், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், உங்கள் கம்பெனிக்குத் தகவல் போகாது.