கேட்டமரான் என்றால் கட்டுமரம் அல்ல

"செய்தி மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்', 'பரையா ஸ்டேட்' என்றெல்லாம் வருகிறது. தமிழிலிருந்து போன சொற்கள்தானே, அப்படியே நம் சொல்லைத் திருப்பிப் போட்டுவிடலாமா?"

வேண்டாம். இரண்டுமே இங்கிருந்து போனவைதான். ஆனால் போன இடத்தில் பொருள் மாறிவிட்டது.

கட்டுமரம் என்பது பெயரிலேயே செய்முறையைச் சொல்கிற சொல். எடை குறைந்த சில மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் கட்டியது. படகுக்கு உள்ளதுபோல் குழிந்த உடல் இதற்குக் கிடையாது. அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள், ஊறிய மரம் கனக்கும் என்பதால். சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் இந்தப் பெயரையே எழுதினார். பின்னால் ஆங்கிலத்தில் அது இரண்டு தனி உடல்களை மேல்தளத்தால் இணைத்த படகுக்குப் பெயராகிவிட்டது. ஆகவே, இன்றைய சொகுசுப் படகைப் பற்றிய செய்தி என்றால் 'இரட்டை உடல் படகு' என்று எழுதுங்கள். படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: இரண்டு உடல்களுக்கு நடுவில் தண்ணீர் ஓட இடைவெளி இருந்தால் அது கட்டுமரம் இல்லை.

அடுத்த சொல்லான 'பரையா'வில் தவறு நேர்ந்தால் மனிதர்கள் காயப்படுவார்கள். 'பறை' என்பது முரசு. பறையர் என்ற பெயர் அதை முழக்குவோரைக் குறித்தது என்பதே பரவலான விளக்கம். புறநானூறு 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று வரிசைப்படுத்தி, "இந்நான் கல்லது குடியும் இல்லை" என்கிறார். அங்கே அது இழிவுப் பெயர் அல்ல, குடிகளை எண்ணும்போது முதலில் நினைவுக்கு வருகிற பெயர்களில் ஒன்று.

ஐரோப்பியர் இந்தப் பெயரைக் கடற்கரையில் கேட்டபோது தீண்டாமை அந்த மக்களை அழுத்திக்கொண்டிருந்தது. ஐரோப்பியர் முதலில் அதை அந்தச் சமூகத்தின் பெயராகவே எழுதினார்கள். அப்புறம் சாதிக்கு வெளியே தள்ளப்பட்ட எல்லோருக்கும் அதையே போட்டார்கள். 1791இல் பிரெஞ்சில் வந்த 'இந்தியக் குடிசை' என்ற கதைக்குப் பிறகு, ஊரார் ஒதுக்கிவைத்த யாரையும் அந்தச் சொல்லால் குறிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது. வாழும் ஒரு சமூகத்தின் பெயர் அங்கே வசைச்சொல் ஆனது இப்படித்தான்.

அதனால் அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும், அது எதைச் சொல்ல வருகிறது என்று மட்டும் கேளுங்கள். 'அணு ஆயுதச் சோதனைக்குப் பின் அந்த நாடு பரையா ஸ்டேட் ஆனது' என்றால், 'மற்ற நாடுகள் அதை ஒதுக்கிவைத்தன' என்று எழுதினால் போதும். அதே அடைமொழி நாய்க்கு முன்னால் வந்தால், 'தெருநாய்' என்று எழுதுங்கள். சமூகத்தின் பெயரை எழுத வேண்டிய இடம், செய்தி அந்த மக்களைப் பற்றியதாக இருக்கும்போது மட்டும்தான்.