சீன மொழி வகுப்பில் சேர்த்துவிட்டால் போதுமா?

வணக்கம் அம்மா. தம்பி சமஸ்கிருத பி.ஏ. முடிக்கப்போகிறார், சீன மொழியில் உள்ள பௌத்த சூத்திரங்களைப் படித்து ஆய்வு செய்ய விரும்புகிறார், அதற்கு எச்.எஸ்.கே. தேர்வு வகுப்பில் சேர்த்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அது மட்டும் போதாது. அந்தத் தேர்வு இன்றைய சீனத்துக்கானது. எழுத்துகளை அடையாளம் காணவும் பின்னால் அங்கே போய்ப் படிக்கவும் அது உதவும். சூத்திரங்கள் இருப்பதோ பழஞ்சீனத்தில். அங்கே பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு கிடையாது, வினைக்குக் கால இடைநிலை கிடையாது, எழுவாயையும் அடிக்கடி விட்டுவிடுவார்கள். அச்சுப் பதிப்பில் காணும் நிறுத்தக்குறிகள்கூடப் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் போட்டவை, அவை தவறாகவும் இருக்கலாம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புரியும். நம் தொகைகளில் உருபு மறைந்து நிற்கிறதே, அதுபோல ஒரு பக்கம் முழுவதும் மறைந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மறைந்ததை விரிக்கத்தான் தம்பியின் சமஸ்கிருதம் வேண்டும். ஆகவே அந்தப் பட்டத்தை வீணாகப் போன மூன்று வருடம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நாம் யுவான் சுவாங் என்று படித்த சீனத் துறவி சுவான்சாங் பெயரில் வழங்கும் இதய சூத்திரத்தில் ‘ஷி ஜூ ஃபா கோங் சியாங், பு ஷெங் பு மியே’ என்று ஒரு வரி வரும். சொல்லுக்குச் சொல் போட்டால்: இந்த, எல்லா, தர்மம், வெறுமை, அடையாளம்; பிறவாதது, அழியாதது. தர்மம் என்றால் இங்கே அறம் இல்லை, இருக்கும் பொருள்களும் நிகழ்வுகளும். சரி, பிறவாதது எது? தர்மங்களா, வெறுமை என்ற அவற்றின் அடையாளமா? சீனத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. போதாததற்கு ‘கோங்’ என்ற அதே எழுத்து, வெறுமையானது என்ற அடைமொழிக்கும் வெறுமை என்ற பெயருக்கும் பொது.

சமஸ்கிருத இதய சூத்திரத்தைத் திறந்தால் ‘சர்வதர்மாஹ் சூன்யதாலக்ஷணா’ என்று இருக்கிறது. பன்மை விகுதி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. சூன்யதாலக்ஷணா என்பது நம் ‘பொற்றொடி வந்தாள்’ போன்ற அன்மொழித்தொகை: வெறுமையை அடையாளமாக உடையவை. பிறவாதவை, அழியாதவை என்ற அடைகளும் பன்மையிலேயே தொடர்கின்றன. ஆக, பிறவாதவை தர்மங்கள்.

பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில் நோட்டை மூடிவிடுவார்கள். தம்பி மூடக்கூடாது. இதே வரி, சுவான்சாங்குக்கு முந்திய மொழிபெயர்ப்பாளரான குமாரஜீவர் 404இல் முடித்த பெரிய பிரக்ஞாபாரமிதா மொழிபெயர்ப்பிலும் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து இருக்கிறது. அந்தப் பெரிய நூலின் சமஸ்கிருதப் பிரதியில் எழுவாய் சூன்யதா, ஒருமை. பிறப்பதில்லை, அழிவதில்லை என்று வினைகளும் ஒருமையில் வருகின்றன. அதாவது, ஒரே சீன வரிக்கு இரண்டு சமஸ்கிருத இணைகள் இரண்டு வெவ்வேறு எழுவாய்களைத் தருகின்றன!

எதை நம்புவது? ஜான் நாட்டியர் என்ற ஆய்வாளர் 1992இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். இதய சூத்திரம் குமாரஜீவரின் பெரிய நூலிலிருந்து எடுத்துச் சீனத்திலேயே கோக்கப்பட்டது, சமஸ்கிருத வடிவம் அதிலிருந்து திரும்ப மொழிபெயர்க்கப்பட்டது என்பது அவர் வாதம். எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் அது சரியென்றால், நாம் மூலம் என்று நம்பி உருபு தேடிய பிரதி, யாரோ ஒருவர் இந்தச் சீன வரியை நம்மைப் போலவே ஊகித்து விரித்ததாகிவிடும். அதனால் இணைப் பிரதியை எடுக்கும்போதெல்லாம் அது எந்த நூலுடையது, சீன மொழிபெயர்ப்புக்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்டாக வேண்டும். அந்தப் பழக்கம் இருக்கிறதா என்றுதான் ஆய்வு வழிகாட்டிகள் முதலில் பார்ப்பார்கள்.

இப்போதைக்கு நான் சொல்லும் வழி இதுதான். சமஸ்கிருத எம்.ஏ.வைத் தொடரட்டும், மாலையில் நவீன சீனம் படிக்கட்டும். பழஞ்சீனத்துக்கு சாந்திநிகேதனில் 1937இல் தொடங்கிய சீன பவனம் போன்ற இடங்களில் யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கடிதம் எழுதி விசாரிக்கட்டும். வேலை விஷயத்தில் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பேராசிரியர் பணி, மொழிபெயர்ப்புத் திட்டங்கள், சில நூலகங்கள் தவிர இதற்கு நேரடியாக ஆள் எடுக்கும் இடம் குறைவு, முனைவர் பட்டம் இல்லாமல் அதுவும் கடினம். எச்.எஸ்.கே. சான்றிதழ் கையில் இருப்பது வேலைக்குக் காத்திருக்கும் நாட்களுக்கு ஒரு பிடிமானம்.

அப்புறம், ஒரு சிறிய வேலை. சீன பௌத்த நூல்தொகை CBETA தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இதய சூத்திரம் T251, குமாரஜீவரின் பெரிய நூல் T223. மேலே சொன்ன வரியை இரண்டிலும் தேடி எடுத்து, தமிழில் விரித்து, எந்த உருபை எந்தப் பிரதியைப் பார்த்துச் சேர்த்தார் என்று பக்கத்திலேயே குறித்து அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்து அடுத்த விண்ணப்பம் எழுதலாம்.