மேனேஜரை கரெக்ட் பண்ணியது

வணக்கம் சார்,

பகுதி நேரமாக மொழிபெயர்ப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். சென்ற மாதம் ஒரு கம்பெனியின் உள்விசாரணைக்காக, ஊழியர்கள் இரண்டு பேர் வாட்ஸப்பில் பேசிக்கொண்டதை ஆங்கிலத்தில் கேட்டார்கள். அதில் இந்த மூன்று வரி:

"ஷிஃப்ட் என்னடா ஆச்சு?"
"மேனேஜரை கரெக்ட் பண்ணிட்டேன், நீ ஃபீல் பண்ணாதே."
"சான்ஸே இல்லடா!"

எல்லாம் ஆங்கிலச் சொல்தானே என்று கைவைக்காமல், ‘ஐ கரெக்டட் தி மேனேஜர், டோன்ட் ஃபீல்’, ‘நோ சான்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தேன். சரிபார்த்தவர் மூன்றையும் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இப்படி ஏமாற்றுகிற சொற்களுக்கு உங்களிடம் பட்டியல் ஏதாவது இருக்கிறதா?

ஆர்., திருச்சி

*

அன்புள்ள ஆர்.,

இருந்தது. ஒரு நோட்டில் பல பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அப்புறம் ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டேன், ஏனென்றால் ஒரே சொல் நாலு இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருள் சொன்னது. ‘ரீல்’ என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரீல் விட்டால் பொய், ரீல்ஸ் போட்டால் வீடியோ. இதில் ‘ரீல்’ என்பதற்கு நேராகப் பட்டியலில் என்ன எழுதுவது? பொருள் இருப்பது ரீலில் இல்லை, விடுவதிலும் போடுவதிலும்தான் இருக்கிறது.

ஆங்கில வினைச்சொல்லைத் தமிழ் நேராக உள்ளே விடுவதில்லை. ‘கரெக்டினேன்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாக்கு வராது. பெயர்ச்சொல்லைப் போல உள்ளே விட்டு, பக்கத்தில் பண்ணு, ஆகு, அடி, போடு, விடு என்று நம் வீட்டு ஆள் ஒருவரை நிறுத்திவிடுகிறோம். காலம், இடம், உடன்பாடு, எதிர்மறை எல்லாம் அந்த ஆள்தான் பார்த்துக்கொள்கிறார். கொஞ்ச நாளில் பொருளையும் அவரே பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார். நீங்கள் ஆங்கிலச் சொல்லை ஆங்கிலத்துக்கே திருப்பிக் கொடுத்ததாக நினைத்தீர்கள். அங்கிருந்து கிளம்பி வந்தது ஒன்று, நீங்கள் திருப்பிக் கொடுத்தது வேறொன்று.

உங்கள் வரிக்கே வருகிறேன். டீச்சர் பேப்பர் கரெக்ட் பண்ணுகிறார், கணக்குப்பிள்ளை தொகையை கரெக்ட் பண்ணுகிறார், இதிலெல்லாம் குழப்பம் கிடையாது, ஆங்கிலத்தில் உள்ளதேதான். அந்தப் பேப்பர் இருந்த இடத்தில் ஒரு மனிதரைத் தூக்கி வைத்துப் பாருங்கள். மேனேஜரை, வாட்ச்மேனை, மாமனாரை. "மாமனாரை கரெக்ட் பண்ணிட்டா கல்யாணம் முடிஞ்ச மாதிரி" என்று ஒருவன் சொன்னால் மாமனார் செய்த தப்பைத் திருத்தப் போகிறான் என்றா நினைப்போம்? அவரைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்ளப் போகிறான். ‘கரெக்ட் பண்ணு’ என்பதற்கு முன்னால் ‘ஐ’ உருபோடு ஓர் ஆள் நின்றால் பெரும்பாலும் இந்தப் பொருள்தான். பொருளோ தாளோ தொகையோ நின்றால் திருத்தம்.

இனிமேல்தான் கஷ்டமான இடம். சாய்த்துக்கொண்டது எப்படி? கெஞ்சியா, ஊர்ப்பாசம் பேசியா, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தா, பணம் கொடுத்தா? சொல் அதைச் சொல்லவே இல்லை. அந்தச் சொல்லின் வசதியே அதுதான், சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு பையன் ஒரு பெண்ணை கரெக்ட் பண்ணினான் என்றால் காதலுக்குச் சம்மதிக்க வைத்தான் என்று ஆகிறது. ஆக மேனேஜர் பெண்ணாக இருந்தால் படிக்கிறவர் மனதில் மூன்றாவதாக ஒரு அர்த்தமும் எட்டிப் பார்க்கும். இது விசாரணைக்குப் போகிற காகிதம். ‘கரெக்டட்’ என்று நீங்கள் எழுதியது தப்பு, சரி. பதறிப்போய் ‘பிரைப்ட்’ என்று மாற்றினீர்களோ, அது அதைவிடப் பெரிய தப்பு, ஒருத்தர் வேலையே போய்விடும். ‘ஐ காட் தி மேனேஜர் ஆன் மை சைட்’ என்று நான் எழுதுவேன். தமிழில் எவ்வளவு மூடி வைத்திருக்கிறானோ ஆங்கிலத்திலும் அவ்வளவே மூடியிருக்கும். கீழே ஒரு வரிக் குறிப்பும் போடுவேன்: இந்தச் சொல் பேசிச் சம்மதிக்க வைப்பதிலிருந்து பணம் கொடுப்பது வரை எதையும் குறிக்கலாம், எது என்று இந்த உரையாடலில் இல்லை. மிச்சத்தை விசாரிப்பது விசாரிக்கிறவர்கள் வேலை.

‘ஃபீல்’ இதைவிடச் சுலபம். அதற்கு முன்னால் ‘ன்னு’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "அவர் பண்றது தப்புன்னு ஃபீல் பண்றேன்" என்றால் அது ஒருவருடைய கருத்து, ஆங்கிலத்தில் அப்படியே போகலாம். "வலியை ஃபீல் பண்ண முடியுது" என்று உணரப்படுகிற ஒன்று பக்கத்தில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. எதுவுமே இல்லாமல் மொட்டையாக "ஃபீல் பண்ணாதே", "ரொம்ப ஃபீல் பண்ணினார்" என்று வந்தால் அது துக்கம், வருத்தம், கவலை. எத்தனையோ உணர்ச்சி இருக்க நாம் ஏன் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டோம் என்று தெரியவில்லை, சந்தோஷமாக இருப்பவனைப் பார்த்து "ஃபீல் பண்றான்" என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் வரியில் நண்பன் ஷிஃப்டை நினைத்துக் கவலையில் இருக்கிறான், ஆகவே ‘டோன்ட் ஒர்ரி’. நீங்கள் எழுதிய ‘டோன்ட் ஃபீல்’ ஆங்கிலக்காரர் காதில் உணர்ச்சியே இல்லாமல் மரம் மாதிரி இரு என்று விழும்.

‘சான்ஸே இல்ல’ என்பதில் துணைக்கு அப்படி ஒரு வினை கிடையாது. அங்கே மேல் வரியைப் பார்க்க வேண்டும். மேலே கேள்வியோ வேண்டுகோளோ இருந்தால் ("இன்னைக்கு மழை வருமா?", "ஒரு ஆயிரம் ரூபா கிடைக்குமா?") அது மறுப்பு, ‘நோ சான்ஸ்’ சரிதான். மேலே ஒரு செய்தியோ சாதனையோ பிரியாணி போட்டோவோ இருந்தால் அது வாய் பிளப்பு, இப்படி ஒன்று இருக்க வாய்ப்பே இல்லை என்கிற அளவுக்குப் பாராட்டு. "வர்றதுக்கு சான்ஸே இல்ல" என்று எதற்கு என்பது கூடவே வந்துவிட்டால் எப்போதும் மறுப்புதான். உங்கள் உரையாடலில் மேல் வரி வெற்றிச் செய்தி. ஆகவே நண்பன் மலைத்துப் போகிறான், ‘அன்பிலீவபிள்’ மாதிரி ஏதாவது. நீங்கள் எழுதியதைப் படித்தால், மேனேஜர் விஷயத்தை அவன் நம்பவில்லை, அல்லது அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆகிறது. விசாரணையில் அவன் பெயர் எந்தப் பக்கம் எழுதப்படும் என்பதே இதில் மாறிவிடும்.

நானும் பட்டவன்தான். பல வருஷம் முன்னால் ஒரு குறும்படத்துக்கு சப்டைட்டில் எழுதினேன். புதுக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளே நடக்கிற தங்கையிடம் அண்ணன், "ரொம்ப சீன் போடாதே" என்பான். நான் யோசிக்காமல் ‘டோன்ட் மேக் எ சீன்’ என்று தட்டிவிட்டேன். திரையிட்ட இடத்தில் தமிழ் தெரியாத ஒருவர் வந்து, அந்தப் பெண் கத்தவே இல்லையே, அமைதியாகத்தானே நடந்தாள், அண்ணன் ஏன் கலாட்டா பண்ணாதே என்கிறான், முன்கதை ஏதாவது விட்டுப்போச்சா என்று கேட்டார். ஆங்கிலத்தில் அது நாலு பேர் முன்னால் ரகளை செய்வது. நமக்கு சீன் போடுவது பந்தா காட்டுவது. இதில் வேடிக்கை என்னவென்றால் "சீன் கிரியேட் பண்ணாதே" என்று நாமும் சொல்கிறோம், அது ஆங்கிலப் பொருளேதான். போடுவதா கிரியேட் பண்ணுவதா என்று ஒரு நொடி பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும், அடுத்த முறை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கேட்பார்கள். ‘ஐ டவுட் இட்’ என்று ஒருத்தர் அனுப்பினால் ‘எனக்கு அதில் ஒரு டவுட்’ என்று கை தானாக எழுதும். நமக்கு டவுட் என்பது வகுப்பில் கை தூக்கிக் கேட்பது, விளக்கம் சொன்னால் தீர்ந்துவிடும். அவர் எதையும் கேட்கவில்லை, நடக்காது போலிருக்கிறது என்கிறார். நம்முடைய சந்தேகமும் இரண்டு வேலை பார்க்கிற சொல்தான். சந்தேகம் கேட்டால் மாணவன், சந்தேகப்பட்டால் போலீஸ்காரன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன துணைவினை விதி ஊருக்கு ஊர் மாறும். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் "நாளைக்குக் கோல் எடுக்கிறன்" என்று அனுப்பினார். நம்ம ஊரில் போனை எடுப்பது என்றால் அடிக்கிற போனுக்குப் பதில் சொல்வது. சரி, நாளைக்குக் கூப்பிட்டால் எடுப்பார் என்று மறுநாள் காலையில் நான் கூப்பிடக் கூப்பிட பிஸி, பிஸி. அந்தப் பக்கம் அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், அவருக்கும் பிஸி. இலங்கையில் கோல் எடுப்பது என்றால் கூப்பிடுவது. அங்கே ஆங்கிலம் பேசும்போதும் ‘டேக் எ கால்’ என்று அதே பொருளில் சொல்வார்கள், ஆகையால் ஆங்கிலத்தில் வந்தால்கூட நம்பிவிட முடியாது.

அந்த இரண்டு ஊழியர்களில் யாராவது இலங்கைக்காரரா என்று கம்பெனியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று வருகிற வரிகளை மட்டும் தனியாக எடுத்து, திருப்பி அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.